புளித்த தோசைக்கு ஒரு நன்றி

“ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குக் குடும்பத்தோடு போனோம். ரோஸ்ட் வெளுத்துப் போய் ஒரே புளிப்பு. அதற்கும் அரை மணி நேரம் காக்க வைத்துவிட்டார்கள். காபி மட்டும் நன்றாக இருந்தது.” இரண்டு நட்சத்திரம்.

கோடையில் நம் ஊர் டிபன் ஹோட்டல் எதற்கும் கூகுளில் இப்படி ஒரு விமர்சனம் வரலாம். அதன் கீழேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி, முதலாளி பதில் எழுத இடம் உண்டு. பெரும்பாலான கடைகள் அந்த இடத்தை வீணடிக்கின்றன. “தங்கள் கருத்துக்கு நன்றி, மீண்டும் வருக” என்று ஒரே வரியைப் பாராட்டுக்கும் ஒட்டுகிறார்கள், திட்டுக்கும் ஒட்டுகிறார்கள். இன்னும் சிலர் “எங்கள் கடையில் அப்படி நடக்கவே நடக்காது” என்று மல்லுக்கு நிற்கிறார்கள்.

தொழில் தெரிந்த முதலாளி அந்த விமர்சனத்தில் முதலில் பிடிப்பது ‘வெளுத்துப் போய்’ என்ற சொல்லைத்தான். மாவு அளவுக்கு மீறிப் புளித்தால், தோசையைச் சிவக்க வைக்கும் சர்க்கரையை நுண்ணுயிரிகள் பெரும்பாலும் தின்று தீர்த்துவிடும். அப்புறம் கல் எவ்வளவு காய்ந்தாலும் நிறம் சரியாக ஏறாது. புளிப்பும் வெளுப்பும் சேர்ந்து வந்தால் கோளாறு கல்லில் இருக்க வாய்ப்பு குறைவு. மாவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மார்கழியில் பொங்கி வர ஒரு ராத்திரி முழுக்க எடுத்துக்கொள்ளும் மாவு, மே மாதப் புழுக்கத்தில் சில மணி நேரத்திலேயே பொங்கிவிடும். காலையில் ஆட்டிய மாவை அடுப்படி ஓரத்திலேயே வைத்திருந்தால் ராத்திரி எட்டு மணிக்கு அது என்ன கதியில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தோசை மாஸ்டர் ஒவ்வொரு தோசையையும் ருசி பார்ப்பதில்லை. சாப்பிட்டவர் சொன்னால்தான் கல்லாவில் இருப்பவருக்குத் தெரியும். அந்த முதலாளி சொல்லும் நன்றிக்குப் பொருள் இருப்பது அதனால்தான்.

தாமதத்துக்கும் காரணம் தேட வேண்டும். ஞாயிறு இரவு பார்சல் ஆர்டரும் டேபிள் ஆர்டரும் ஒரே கல்லுக்குப் போனால், வாசலில் டெலிவரி பையன் அவசரப்படுத்த, உள்ளே உட்கார்ந்திருப்பவர் இலையைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பார். அன்றைய பில்களின் நேரத்தைப் புரட்டினால் இது தெரிந்துவிடும்.

இவ்வளவையும் விசாரித்த பிறகு எழுதும் பதில் இப்படி இருக்கலாம்:

“வணக்கம் சார். ஞாயிறு இரவு நடந்ததை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொன்னது சரி. காலையில் ஆட்டிய மாவையே இரவு வரைக்கும் வெளியில் வைத்திருந்தோம், வெயிலில் புளித்துவிட்டது. இப்போது மாலை மாவைத் தனியாக ஆட்டி, பொங்கியதும் ஃப்ரிட்ஜில் வைத்து, தேவைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறோம். பார்சலுக்குத் தனிக் கல் போட்டிருக்கிறோம். குடும்பத்தோடு வந்த உங்களைக் காக்க வைத்ததற்கு மன்னிக்க வேண்டும். காபியைப் பற்றிச் சொன்னதை மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன்.”

இதில் ஊழியர் யார் தலையிலும் பழி இல்லை. “அடுத்த முறை இலவச தோசை” என்ற ஆசை காட்டலும் இல்லை. அதைப் பொதுவில் எழுதினால் நட்சத்திரத்துக்கு விலை பேசுவது போலாகிவிடும். விமர்சனத்தை மாற்றச் சொல்லிச் சலுகை தருவதை கூகுள் விதிகளும் அனுமதிப்பதில்லை. செய்யாத மாற்றத்தை மட்டும் எழுதவே கூடாது. அடுத்த ஞாயிறும் தோசை புளித்திருந்தால், அந்தப் பதிலே கடைக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

பதில் எழுதுவதால் பலன் உண்டா? டேவிடே ப்ரோசர்பியோ, ஜியார்ஜியோஸ் செர்வாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத் தங்கும் விடுதிகளை வைத்து இதை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். பதில் எழுதத் தொடங்கிய விடுதிகளின் மதிப்பீடு சராசரியாக 0.12 நட்சத்திரம் கூடியது, விமர்சனங்களின் எண்ணிக்கை 12 சதவீதம் உயர்ந்தது. குறை சொன்னவர்கள் குறைந்தார்கள். ஆனால் சொன்னவர்கள் நீளமாக எழுதினார்கள். முதலாளி படிக்கிறார் என்று தெரிந்தால், போகிற போக்கில் திட்டிவிட்டுப் போக மனம் வராது, காரணம் சொல்லத் தோன்றும் என்பது அவர்கள் தந்த விளக்கம். உணவகங்களுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும், விரிவான குறை அடுப்படிக்கு எவ்வளவு உதவும் என்பதை அந்த ‘வெளுத்துப் போய்’ காட்டிவிட்டது.

“சாப்பிட்டு வயிறு கெட்டுவிட்டது” என்று ஒருவர் எழுதினால் மட்டும் விஷயம் வேறு. அங்கே நன்றியும் விளக்கமும் போதாது. முதலில் அவர் உடல்நிலையை விசாரிக்க வேண்டும். எந்த நாள், என்ன சாப்பிட்டார் என்று நேரில் பேசித் தெரிந்துகொண்டு, அந்தப் பண்டத்தை உடனே நிறுத்திப் பார்க்க வேண்டும். மறுப்பும் ஒப்புதலும் அதற்குப் பிறகுதான்.

குறை எழுதும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளையும் நேரத்தையும் பண்டத்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். “சுமார்” என்ற ஒற்றைச் சொல்லை வைத்து எந்த மாஸ்டராலும் எதையும் திருத்த முடியாது. மாற்றிவிட்டோம் என்று முதலாளி பதில் போட்டிருந்தால், இன்னொரு முறை போய்ச் சாப்பிட்டுப் பார்த்து, பழைய விமர்சனத்தைத் திருத்தி எழுதுங்கள்.