மரியின் குடை எங்கே?

பிரெஞ்சு படிக்கத் தொடங்கியவர்களுக்கான கதைகளில் அளவோடுதான் சொற்கள் இருக்கும். ஐரோப்பிய மொழித்தர வரையறையின் ஆறு படிகளில் முதல் படியான 'ஏ1' அளவிலுள்ள ஒரு குட்டிக்கதை இது:

இல் ப்ளோ. மரி எத்தோ கஃபே. எல் ஷெர்ஷ் ஸோன் பாராப்ளுயி. இல் நே பா ஸூ லா தாப்ல். இல் நே பா ஸ்யூர் லா ஷேஸ். "இல் எ நுவார்?" துமாந்த் லு ஸெர்வர். "நோன், இல் எ ரூஜ்." "இல் எ லா, தெரியேர் லா போர்த்!"

மழை பெய்கிறது. மரி கஃபேயில் இருக்கிறாள். தன் குடையைத் தேடுகிறாள். மேசைக்கு அடியில் இல்லை. நாற்காலி மேலும் இல்லை. "கறுப்பா?" என்று பரிமாறுபவர் கேட்கிறார். "இல்லை, சிவப்பு." "அதோ, கதவுக்குப் பின்னால்!"

கதை முழுக்க 'இல்' என்ற சொல் வருகிறது. அதற்கு 'அவன்' என்று மட்டும் படித்தவர் முதல் வரியிலேயே திணறுவார். மழை பெய்வதைச் சொல்லும் 'இல் ப்ளோ'வில் அது யாரையும் குறிக்கவில்லை. பிரெஞ்சு வினைக்கு முன்னால் எழுவாய் வேண்டும் என்பதற்காக நிற்கிறது. மற்ற இடங்களில் அது குடை. பிரெஞ்சில் எல்லாப் பெயர்ச்சொல்லும் ஆண்பால் அல்லது பெண்பால், குடை ஆண்பால். மழையைக் குறிக்கும் 'ப்ளுயி' பெண்பால் என்றாலும், 'தடுக்கும்' என்ற பொருளுள்ள 'பாரா' முன்னால் சேர்ந்ததும் ஆண்பாலாகிவிடுகிறது. வெயிலுக்குப் பிடிக்கும் 'பாராஸோல்' குடையும் ஆண்பால்தான்.

இதனால்தான் மரி பெண்ணாக இருந்தும் 'ஸோன் பாராப்ளுயி' என்கிறோம். தமிழில் 'அவன் குடை', 'அவள் குடை' என்று உடையவரைப் பார்க்கிறோம். பிரெஞ்சு பொருளின் பாலைப் பார்க்கிறது. மேசை பெண்பால் என்பதால், போல் என்ற ஆணின் மேசையும் 'ஸா தாப்ல்'தான். தமிழர் தடுமாறக்கூடிய இடம் இது.

உச்சரிப்பிலும் ஒரு பொறி உண்டு. 'ஸூ' என்றால் கீழே. 'ஸ்யூர்' என்றால் மேலே. இரண்டாவது ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை. உதட்டை 'ஊ'வுக்குக் குவித்துக்கொண்டு, நாக்கால் 'ஈ' சொல்லிப் பார்த்தால் அது வரும். இங்கே பிசகினால் மேசைமேல் இருக்கும் குடையை அடியில் தேட வேண்டியதுதான்.

கதையில் 'தொலைத்தேன்' என்ற சொல்லே இல்லை. அதற்கு இறந்தகாலம் தேவை. ஏ1 கதைகள் பெரும்பாலும் நிகழ்காலத்திலேயே நடக்கும். எனவே மரி தேடுகிறாள், அவ்வளவுதான். ஆனால் பாரிஸ் காவல்துறையின் தொலைந்த பொருள் அலுவலகத்துக்கு உண்மையிலேயே போக நேர்ந்தால், இலக்கணம் புரியும்வரை காத்திருக்க முடியாது. 'ஜே பெர்த்யூ மோன் பாராப்ளுயி', அதாவது 'என் குடையைத் தொலைத்துவிட்டேன்' என்ற வாக்கியத்தை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளலாம். அடுத்த கேள்வி நிறத்தைப் பற்றியதாக இருந்தால், 'இல் எ ரூஜ்' என்ற பதில் கதையிலேயே இருக்கிறது.