கீமோவுக்குப் பின் பதினோராம் நாள் காய்ச்சல்

கீமோ போட்டு வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில், மாத்திரைப் பட்டியலுக்கும் அடுத்த முறை வரவேண்டிய தேதிக்கும் நடுவில் ஒரு வரி இருக்கும்: 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் உடனே தெரிவிக்கவும். பல வீடுகளில் அந்த வரியை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை. காய்ச்சல் நமக்குப் பழக்கமான விஷயம். மழைக்காலத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு வருகிறது. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டு, கஞ்சி குடித்து, இரண்டு நாள் பார்க்கிறோம். மற்றவர்களுக்கு அது பெரும்பாலும் சரியாகவே முடிகிறது. கீமோ எடுப்பவருக்கு அந்த இரண்டு நாள் கிடையாது.

ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் என்று ஒரு வகை உண்டு. பாக்டீரியா உடலுக்குள் நுழைந்தால் முதலில் ஓடிவந்து விழுங்கி அழிப்பவை இவைதான். இவற்றுக்கு ஆயுள் குறைவு. ரத்தத்தில் சுற்றும் நேரம் ஒரு நாள்கூட இருக்காது. அதனால் எலும்பு மஜ்ஜை ஓயாமல் புதிதாக உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது, நாளொன்றுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி. கீமோ மருந்துகள் வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைக் கொல்பவை. புற்றுநோய் செல் எது, மஜ்ஜையில் பெருகும் செல் எது என்று அவற்றுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மருந்து ஏறிய அன்றே உற்பத்தி அடிபடுகிறது. ஆனால் மஜ்ஜையில் ஏற்கெனவே தயாராகி இருக்கும் அணுக்கள் சில நாட்களுக்குச் செலவாகிக்கொண்டிருப்பதால் ரத்தப் பரிசோதனையில் உடனே ஒன்றும் தெரியாது. இருப்பு தீர்ந்ததும் எண்ணிக்கை சரிகிறது. பெரும்பாலான மருந்துகளுக்கு 7 முதல் 14 நாட்களுக்குள் அது அடிமட்டத்தைத் தொடும். மூன்றாவது வாரத்தில் மீண்டும் ஏறும். பல கீமோக்கள் 21 நாளுக்கு ஒருமுறை போடப்படுவதற்கு இந்த ஏற்ற இறக்கம் முக்கியமான காரணம்.

வாந்தியும் சோர்வும் முதல் சில நாட்களில் வந்து போய்விடும். பத்தாம் நாள் நோயாளி எழுந்து நடமாடிக்கொண்டிருப்பார். வீட்டில் எல்லோரும் கொஞ்சம் மூச்சு விடும் அந்த நேரத்தில்தான் ஆபத்து மிக அதிகம்.

இதே நாட்களில் இன்னொன்றும் நடக்கிறது. வாய் முதல் குடல் வரையிலான உட்தோலும் வேகமாகப் புதுப்பிக்கப்படும் திசு என்பதால் அதுவும் அரிக்கப்படுகிறது. வாயில் புண் வந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. குடலில் வரும் புண் தெரிவதில்லை. அந்த இடைவெளிகள் வழியாக, நம் குடலிலேயே வாழ்நாளெல்லாம் தொல்லையின்றி இருந்த ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் ரத்தத்துக்குள் கடந்துவிடுகின்றன. தடுக்க ஆளில்லை. "வெளியே எங்கேயும் கூட்டிட்டுப் போகலையே, வீட்டுச் சாப்பாடுதானே கொடுத்தோம்" என்று குடும்பத்தார் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. இந்தத் தொற்றுகளில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவதே இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான செய்தி இனிமேல்தான். நமக்குத் தொற்று வந்தால் அந்த இடம் சிவக்கும், வீங்கும், சீழ் பிடிக்கும். சீழ் என்பதே பெரும்பாலும் போரிட்டு இறந்த நியூட்ரோஃபில்கள்தான். அந்த அணுக்கள் இல்லாதவருக்குச் சீழ் எங்கிருந்து வரும்? நிமோனியா இருந்தும் எக்ஸ்ரே தெளிவாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்று இருந்தும் சிறுநீரில் சீழ் செல் இல்லாமல் போகலாம். ஆசனவாய்ப் பக்கம் கட்டி உருவாகும் இடத்தில் வலி மட்டும் இருக்கும், தொட்டுப் பார்த்தால் வீக்கம் தெரியாது. கையில் போட்டிருக்கும் பிக் லைனைச் சுற்றித் தோல் லேசாகக் கன்றியிருப்பதுகூட அங்கே பெரிய விஷயம். ஆனால் காய்ச்சலை எழுப்புவதற்கு நியூட்ரோஃபில் தேவையில்லை. திசுக்களில் இருக்கும் வேறு அணுக்கள் வெளியிடும் வேதிப்பொருட்கள் மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டுப் பகுதியைத் தூண்டினால் போதும். ஆகவே மற்ற அடையாளங்கள் எல்லாம் மறைந்தாலும் காய்ச்சல் மட்டும் மிஞ்சுகிறது. "இருமல் இல்லை, சளி இல்லை, வெறும் காய்ச்சல்தான்" என்பது மற்றவர்களுக்கு ஆறுதல். இவருக்கு இல்லை.

பாராசிட்டமாலை முதலில் போட்டுவிடக் கூடாது என்று சொல்வது இதனால்தான். அது பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. மிஞ்சியிருக்கும் ஒரே அறிகுறியைச் சில மணி நேரம் மறைத்து வைக்கும், அவ்வளவுதான். வாந்திக்காகவும் ஒவ்வாமையைத் தடுக்கவும் தரப்படும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகளும் காய்ச்சலை அமுக்கும். அந்த மாத்திரை எடுப்பவருக்கும் வயதானவருக்கும் காய்ச்சலே இல்லாமல் குளிர் நடுக்கம், திடீர்த் தளர்ச்சி, பேச்சில் குழப்பம் என்று மட்டும் வரலாம். அதுவும் உடனே தெரிவிக்க வேண்டியதுதான்.

ஒரு வழக்கமான நிலைமையை எடுத்துக்கொள்வோம். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் 54 வயதுப் பெண். 'சிவப்பு மருந்து' என்று வார்டில் எல்லோரும் சொல்லும் டாக்ஸோரூபிசினும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் போட்டுப் பதினோராம் நாள். சிகிச்சை தரும் மருத்துவமனை நாலு மணி நேரப் பயணத் தொலைவில். இரவு எட்டு மணிக்கு உடம்பு கிடுகிடுவென்று நடுங்குகிறது, கம்பளி போர்த்தியும் நிற்கவில்லை. நாக்குக்கு அடியில் வைத்த தெர்மாமீட்டர் 101.2 காட்டுகிறது. மகள் ஃபைலின் முதல் பக்கத்தில் இருக்கும் எண்ணுக்குப் பேசுகிறார்.

"கீமோ எந்தத் தேதிம்மா போட்டாங்க? காய்ச்சல் எவ்வளவு, எங்க வெச்சுப் பார்த்தீங்க? மாத்திரை ஏதும் போட்டுட்டீங்களா? கழுத்துல, கையில லைன் இருக்கா?"

நர்ஸ் கேட்கும் இந்த நாலு கேள்விக்கும் காரணம் உண்டு. அக்குளில் வைத்துப் பார்த்தால் வாயில் காட்டுவதைவிடக் குறைவாகக் காட்டும். 99.8 என்பதை அப்படியே நம்பிவிட முடியாது. லைன் இருந்தால் தொற்று அதன் வழியே ஏறியிருக்கலாம். டியூட்டி டாக்டர் வாங்கிப் பேசுகிறார். இவ்வளவு தூரம் இப்போது கிளம்ப வேண்டாம், பக்கத்து ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எமர்ஜென்சிக்குப் போங்கள், ஃபைலை எடுத்துப் போங்கள், அங்கே போனதும் டாக்டரிடம் போனைக் கொடுங்கள் என்கிறார். இந்தப் பேச்சில்தான் ஓர் இரவு மிச்சமாகிறது. எங்கே போனால் முதல் டோஸ் சீக்கிரம் ஏறும் என்பது சிகிச்சைக் குழுவுக்குத் தெரியும், எமர்ஜென்சியில் இருப்பவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். வரிசையில் உட்கார்ந்திருக்கும் இருபது காய்ச்சல்காரர்களில் இவரும் ஒருவர் என்று ஆகிவிடக் கூடாது. மருத்துவமனைக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பதே சிகிச்சை நெறிமுறைகள் வைக்கும் இலக்கு.

அங்கே முதலில் ரத்தக் கல்ச்சருக்காக இரண்டு இடங்களிலிருந்து ரத்தம் எடுக்கிறார்கள். ஆன்டிபயாடிக் போட்ட பிறகு எடுத்தால் கிருமி வளராமல் போகலாம். எடுத்த கையோடு, ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல், பைப்பராசிலின்-டாசோபாக்டம் டிரிப்பில் ஏறுகிறது. ரத்த அழுத்தம் 94/60, அதனால் சலைனும் வேகமாக ஏறுகிறது. சற்று நேரத்தில் கவுன்ட் வருகிறது. மொத்த வெள்ளை அணு 900, அதில் நியூட்ரோஃபில் 20 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் 180. வழக்கமாக 1,500க்கு மேல் இருக்க வேண்டியது. 500க்குக் கீழே போனால் தீவிர நிலை. ரிப்போர்ட்டில் மொத்த எண்ணை மட்டும் பார்த்து "கொஞ்சம் கம்மி" என்று விட்டுவிடக் கூடாது, சதவீதத்தோடு பெருக்கித்தான் பார்க்க வேண்டும்.

அந்த இரவு எட்டு மணிக்குப் பாராசிட்டமால் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வியர்த்திருக்கும், நடுக்கம் நின்றிருக்கும், அம்மா நன்றாகத் தூங்குகிறார் என்று வீடு நம்பியிருக்கும். விடியற்காலையில் கைகால் சில்லிட்டு, சிறுநீர் குறைந்து, கூப்பிட்டால் சரியாகப் பதில் வராத நிலை வந்திருக்கலாம். ரத்த அழுத்தம் விழுந்து உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தளரும் செப்டிக் ஷாக் அது. காலையில் தெருமுனை கிளினிக்கில் இடுப்பில் ஊசி போட்டால் அதிலும் ஒரு சிக்கல். கீமோ பிளேட்லெட்டையும் குறைத்திருக்கும் என்பதால் ஊசி குத்திய தசைக்குள் ரத்தம் கசிந்து கட்டலாம்.

இந்த அவசரம் மருத்துவத்துக்கே உயிர்களை இழந்துதான் புரிந்தது. 1966இல் ஜெரால்ட் போடியும் அவரது சகாக்களும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் லுக்கேமியா நோயாளிகள் 52 பேரைக் கவனித்து, நியூட்ரோஃபில்கள் எவ்வளவு குறைகின்றனவோ, எத்தனை நாள் குறைந்தே இருக்கின்றனவோ அவ்வளவுக்குத் தொற்று கூடுகிறது என்று காட்டினார்கள். அன்றைக்குக் கிருமி எது என்று கல்ச்சரில் தெரிந்த பிறகே மருந்து தொடங்குவது வழக்கம். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். சூடோமோனாஸ் போன்ற கிருமி என்றால் ரிப்போர்ட் வருவதற்குள் நோயாளி இறந்திருப்பார். 1971இல் ஸ்டீஃபன் ஷிம்ஃப் குழுவினர் கிருமி தெரிவதற்கு முன்பே, காய்ச்சல் கண்டவுடனேயே இரண்டு ஆன்டிபயாடிக்குகளைத் தொடங்கிப் பலனை வெளியிட்டார்கள். மருந்துகள் பிறகு மாறிவிட்டன, அந்த முறை மாறவில்லை.

எல்லாக் காய்ச்சலும் தொற்றுதானா என்று கேட்டால், இல்லை. ரத்தக் கல்ச்சரில் கிருமி வளர்வது அதிகபட்சம் நாலில் ஒருவருக்குத்தான். பலருக்குக் கடைசிவரை காரணமே தெரியாது. ஆனால் அந்த ஒருவர் யார் என்பதை முதல் மணி நேரத்தில் யாராலும் சொல்ல முடியாது. அதனால் எல்லோருக்கும் தொடங்குகிறார்கள். ரத்த அழுத்தம், வயது, நீர்ச்சத்து, மற்ற நோய்கள் ஆகியவற்றைப் பார்த்து மதிப்பெண் போட்டு, அபாயம் குறைவு என்று தெரிந்தவர்களுக்கு மாத்திரையாகவே ஆன்டிபயாடிக் தந்து வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு. அதை மருத்துவர் நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பழைய சீட்டில் எழுதியிருந்த ஆன்டிபயாடிக்கை வீட்டிலேயே எடுத்துப் போடுவது அதற்கு ஈடாகாது. நம் நாட்டில் வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் அதிகம் என்பதால் அரைகுறையாகப் போட்ட மாத்திரை கல்ச்சரையும் கெடுத்து நேரத்தையும் தின்றுவிடும்.

நாம் பார்த்த பெண்ணுக்கு இரண்டாம் நாள் கல்ச்சரில் ஈ.கோலை வளர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். எந்த மருந்துக்குக் கிருமி அடங்குகிறது என்று பார்த்து ஆன்டிபயாடிக்கை மாற்றுகிறார்கள். மூன்று நாளில் காய்ச்சல் விடுகிறது, ஒரு வாரத்தில் கவுன்ட் ஏறுகிறது. அடுத்த கீமோவுக்கு மறுநாள், மஜ்ஜையை முடுக்கிவிடும் ஜி-சிஎஸ்எஃப் ஊசி போடுவார்கள். இடுப்பு எலும்பும் முதுகும் குடையும், சிலருக்கு அந்த ஊசியாலேயே லேசான காய்ச்சலும் வரும். ஊசிக் காய்ச்சலா, ரத்தத்தில் கிருமி ஏறிய காய்ச்சலா என்பது தெர்மாமீட்டரைப் பார்த்துச் சொல்லக்கூடியது அல்ல. 100.4ஐத் தொட்டால் அப்போதும் அதே எண்ணுக்குத்தான் பேச வேண்டும், இரவு எத்தனை மணியானாலும்.