சின்ன, பழைய, மர மேசை: ஆங்கிலத்தில் எது முதலில்?

ஒரு புகைப்படக் குறிப்பில் 'ஓல்ட் ஸ்மோல் வுடன் டேபிள்' என்று எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் 'ஸ்மோல் ஓல்ட் வுடன் டேபிள்' என மாற்றியிருந்தார். தமிழில் 'பழைய சின்ன மர மேசை', 'சின்னப் பழைய மர மேசை' இரண்டும் காதுக்கு உறுத்துவதில்லை. அதனால்தான் இந்தப் பிழை நமக்குத் தெரிவதில்லை.

ஆங்கிலத்தில் வழமையாக அளவு, வயது, மூலப்பொருள் என்ற வரிசையில் சொற்கள் வரும். எந்த வகை மேசை என்று சொல்லும் 'வுடன்' பெயர்ச்சொல்லை ஒட்டியே நிற்கும். தமிழிலும் 'மர' அப்படித்தான்.

சந்தேகம் வந்தால் கூகுளின் Ngram Viewer தளத்தில் இரு வரிசைகளையும் காற்புள்ளியிட்டுத் தேடலாம்:

```
small old house,old small house
```

அச்சான நூல்களில் எது அதிகம் வருகிறதோ அதன் கோடு மேலே நிற்கும். நீண்ட தொடர்கள் நூல்களில் அரிது, தேடினால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். எனவே இரண்டிரண்டு அடைமொழிகளாகச் சோதியுங்கள். பெயர்ச்சொல்லையும் சேருங்கள். இல்லையேல் 'ஸ்மோல் ஆர்ம்ஸ்' (சிறு ஆயுதங்கள்) போன்ற கூட்டுச்சொற்களும் கணக்கில் புகுந்துவிடும்.

ஆனால் பல சிறிய மேசைகளுக்குள் பழையதைச் சுட்டும்போது, 'ஓல்ட்' என்பதை அழுத்திச் சொல்லி முன்னால் வைப்பது சரியே. வரைபடம் காட்டுவது வழக்கத்தை மட்டுமே.