வாங்காதவர்களும் வாங்க முடியாதவர்களும்

இணையக் கடையில் ஒரு சேலையைத் தேர்ந்தெடுத்து, கூடையில் போட்டு, முகவரி எழுதி, பணம் கட்டும் இடம் வரை வந்த ஒருவர் திடீரென்று காணாமல் போகிறார். கடைக்காரரைக் கேட்டால், “டெலிவரி சார்ஜைப் பார்த்ததும் போயிட்டாங்க” என்பார். இருக்கலாம். ஓடிபி வருமா வருமா என்று காத்திருந்து அலுத்துப் போனவராகவும் இருக்கலாம். கடையின் கணக்கில் இருவரும் ‘வாங்காதவர்’ என்ற ஒரே பெயரில்தான் பதிவாகிறார்கள். முதலாமவருக்குத் தள்ளுபடி கூப்பன் அனுப்பினால் திரும்பி வரக்கூடும். இரண்டாமவருக்கு அனுப்பினால், அதே ஓடிபி பக்கத்தில் மறுபடியும் போய் மாட்டிக்கொள்வார்.

கூடையில் பொருளைப் போட்டவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் வாங்காமல் போகிறார்கள் என்பது, பல ஆய்வுகளைத் தொகுத்து பேமார்ட் என்ற டென்மார்க் ஆய்வு நிறுவனம் சொல்லும் சராசரி. இதைக் கேட்டுப் பதறத் தேவையில்லை. அவர்களில் நிறையப் பேர் சும்மா விலை பார்க்க வந்தவர்கள். எத்தனை பேர் போனார்கள் என்பதைவிட, எந்தப் படியில் போனார்கள், போகும்முன் திரையில் என்ன நடந்தது என்பதுதான் கடைக்காரருக்குப் பயன்படும்.

படிகளைப் பிரிப்பது சுலபம். கூகுள் அனலிட்டிக்ஸ் போன்ற கருவிகளில் இதற்கென்றே `begin_checkout`, `add_shipping_info`, `add_payment_info`, `purchase` என்று நிகழ்வுப் பெயர்கள் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்; எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. செக்அவுட்டைத் தொடங்கியவர்கள் 1000 பேர். முகவரியை முடித்தவர்கள் 800. பணம் கட்டும் முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள் 620. வாங்கியவர்கள் 450. ஆக முகவரிப் படியில் 200 பேரும், டெலிவரி கட்டணம் தெரியும் அடுத்த படியில் 180 பேரும், கடைசிப் படியில் 170 பேரும் போய்விட்டார்கள்.

நடுவில் போன 180 பேரின் திரையில் எந்தப் பிழையும் வரவில்லை என்றால், அது பெரும்பாலும் அவர்கள் முடிவு என்றே கொள்ளலாம். முகவரிப் படியில் அப்படி நம்பிவிட முடியாது. போன் எண் கட்டத்தைப் பாருங்கள். பத்து இலக்கம் மட்டும் ஏற்கும்படி அது செய்யப்பட்டிருக்கிறது. வாடிக்கையாளரின் செல்போனோ சேமித்து வைத்த எண்ணை +91 சேர்த்துத் தானாகவே நிரப்புகிறது. ‘சரியான எண்ணைத் தரவும்’ என்று சிவப்பில் ஒரு வரி வருகிறது. எண் சரியாகத்தானே இருக்கிறது என்று இரண்டு முறை பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு அவர் போய்விடுவார். கடையின் சர்வருக்கு எந்தத் தகவலும் போயிருக்காது. ஆகவே அங்கே பிழையும் பதிவாகாது. திரையில் தோன்றும் ஒவ்வொரு சிவப்பு வரியையும், எந்தக் கட்டத்தில் வந்தது என்பதோடு ஒரு நிகழ்வாகப் பதிவு செய்தால்தான் இது வெளியே தெரியும்.

கடைசிப் படியில் குறியீடுகளுக்குப் பஞ்சமில்லை. கார்டு பரிவர்த்தனையில் 51 என்றால் கணக்கில் பணம் போதவில்லை. 91 என்றால் கார்டு கொடுத்த வங்கியின் கணினி பதில் சொல்லவில்லை. யுபிஐயில் `ZM` என்றால் பின் தவறு, `Z9` என்றால் பணம் போதவில்லை. யுபிஐயை நடத்தும் என்பிசிஐ, தோல்விகளைத் தொழில்நுட்ப நிராகரிப்பு, வணிக நிராகரிப்பு என்று இரண்டாகப் பிரிக்கிறது. இதை அப்படியே எடுத்து, முதலாவது கோளாறு, இரண்டாவது வாடிக்கையாளரின் விருப்பம் என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அது தப்பு. பின் எண்ணைத் தவறாகப் போட்டவரும், அன்றைய வரம்பைத் தாண்டியவரும் வணிக நிராகரிப்பில்தான் வருவார்கள். அவர்கள் வாங்க விரும்பியவர்கள். அந்தப் பிரிவு வங்கிகளின் பொறுப்பை அளக்க ஏற்பட்டது. வாடிக்கையாளரின் மனதை அது அளக்காது. கார்டில் 05 என்ற குறியீடு இன்னும் மோசம். வங்கி மறுத்துவிட்டது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது ‘வாடிக்கையாளர் ரத்து செய்தார்’ என்ற பதிவு. படித்ததும், அவரே வேண்டாம் என்றுவிட்டார் என்றுதான் தோன்றும். இந்தியாவில் இணையத்தில் கார்டு மூலம் கட்டும்போது கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009இல் கட்டாயமாக்கியது. நடைமுறையில் அது பெரும்பாலும் எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி. அந்த எஸ்எம்எஸ் வராமல், பின்செல்லும் பொத்தானை அழுத்தி வெளியே வருகிறவரும் ‘ரத்து செய்தவர்’ என்றே பதிவாகக்கூடும். இவரைப் பிரித்தெடுக்கக் குறியீட்டோடு இன்னும் சில விவரங்களையும் சேர்த்து எழுதி வைக்க வேண்டும்.

```
{"step":"payment","method":"card","stage":"otp",
 "code":"payment_cancelled","bank":"B2",
 "wait_sec":94,"attempt":1}
```

ஓடிபி பக்கத்தில் 94 விநாடி காத்திருந்து, முதல் முயற்சியிலேயே வெளியேறியவர் என்கிறது இந்தப் பதிவு. கடைசிப் படியில் போன 170 பேரில் 60 பேர் இப்படி ‘ரத்து செய்தவர்கள்’ என்று வைத்துக்கொள்வோம். காத்திருந்த நேரத்தை வைத்துப் பிரித்தால், 14 பேர் பத்து விநாடிக்குள் வெளியேறியிருக்கிறார்கள். மொத்தத் தொகையைப் பார்த்து மனம் மாறியிருக்கலாம். மீதி 46 பேரும் ஒரு நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவர்கள். வேண்டாம் என்று நினைப்பவர் அத்தனை நேரம் உட்கார மாட்டார். அந்த 46 பேரில் 31 பேருடைய கார்டு ஒரே வங்கியுடையது. கடைக்கு வரும் கார்டுகளில் அந்த வங்கியின் பங்கோ ஐந்தில் ஒன்றுதான். மனம் மாறுவது எல்லா வங்கி வாடிக்கையாளர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் நடக்கும். ஒரே வங்கியில், அதுவும் மாலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் குவிந்தால், கோளாறு என்று தைரியமாகச் சொல்லலாம்.

இன்னொரு சாட்சியும் உண்டு: தோற்றபிறகு அவர் என்ன செய்தார் என்பது. அடுத்த கால் மணி நேரத்துக்குள் வேறு கார்டிலோ யுபிஐயிலோ முயன்றவர் வாங்க வந்தவர்தான். முதல் குறியீடு என்னவாக இருந்தாலும் சரி. இதற்காகவே முயற்சிகளைத் தனியாகவும் ஆட்களைத் தனியாகவும் எண்ண வேண்டும். ஒருவர் மூன்று முறை தோற்று நான்காவதில் வாங்கினால், முயற்சிக் கணக்கில் மூன்று தோல்வி. ஆள் கணக்கில் ஒருவரையும் இழக்கவில்லை. இரண்டையும் கலந்தால் இல்லாத இழப்பெல்லாம் தெரியும்.

இத்தனை செய்தும் ஒரு பகுதி தெளியாமலே இருக்கும். கணக்கில் பணம் இல்லாதவரைக் கோளாறிலும் சேர்க்க முடியாது, விருப்பத்திலும் சேர்க்க முடியாது. சம்பள நாளில் திரும்பி வருவாரோ என்னவோ. அவரைத் தனி வரிசையில் வைப்பதே நேர்மை. இன்னொன்று: விவரம் சேர்க்கிறேன் என்று கார்டு எண்ணையும் ஓடிபியையும் பதிவில் எழுதி வைக்கும் நிரல்களும் உண்டு. அது வாடிக்கையாளரின் பணத்துக்கே ஆபத்து. வங்கி, நிலை, குறியீடு, நேரம் போதும்.

கடைசியாக ஒரு கூட்டம். இவர்கள் பணம் கட்டிவிட்டார்கள், வங்கியும் எடுத்துக்கொண்டது. ஆனால் கடையின் பக்கத்துக்குத் திரும்பும் முன் நெட் போய்விட்டது. உலாவியை மட்டும் நம்பும் கணக்கில் இவர்களும் வாங்காமல் போனவர்களே. பேமென்ட் நிறுவனத்தின் சர்வர் கடையின் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் தகவலோடு ஒப்பிட்டால்தான் இவர்கள் கிடைப்பார்கள். நீங்களே இப்படி மாட்டிக்கொண்டால் ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, கணக்கில் பணம் கழிந்தும் கடைக்கு உறுதிச் செய்தி போகவில்லை என்றால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் பணம் தானாகவே திரும்ப வேண்டும். அதற்குமேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் உங்களுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.