வேலையை விடும்போது கஸ்டமர் லிஸ்ட்டை எடுத்துப் போகலாமா? சட்டம் சொல்வது என்ன?

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும், ஆவடி, திருமழிசை, பூந்தமல்லி பக்கம் உள்ள சிறு தொழிற்சாலைகளிலும் இது அடிக்கடி நடக்கும் விஷயம்தான். ஒரு கம்பெனியில் பத்து வருடம் வேலை பார்த்தவர், இரண்டு தெரு தள்ளி சொந்தமாகப் பட்டறை போடுவார். அல்லது போட்டி கம்பெனியில் சேல்ஸ் மேனேஜராகப் போவார். அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால், கிளம்புவதற்கு முந்தின வாரம் பென் டிரைவில் ஏற்றிய ஃபைல்கள்தான் பிறகு வக்கீல் நோட்டீஸாகத் திரும்பி வருகின்றன.

"நான் அலைஞ்சு பிடிச்ச கஸ்டமர்தானே, அந்த லிஸ்ட் எனக்குச் சொந்தம் இல்லையா?" என்பது ஊழியரின் கேள்வி. "எங்க சம்பளத்துல கத்துக்கிட்டு எங்களுக்கே போட்டியா?" என்பது முதலாளியின் கேள்வி. இரண்டுக்குமே நீதிமன்றங்கள் பதில் சொல்லியிருக்கின்றன.

ஒரே நீதிமன்றம், இரண்டு முடிவுகள்

1995-ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு பர்லிங்டன் ஹோம் ஷாப்பிங் என்ற நிறுவனம் போனது. கேட்டலாக் அனுப்பி, தபால் வழியாகப் பொருள் விற்கும் நிறுவனம் அது. அந்தத் தொழிலில் வாடிக்கையாளர் முகவரிப் பட்டியல்தான் முதலீடு. அங்கிருந்து விலகிய ஊழியர் அதே தொழிலைத் தொடங்கினார். அவரிடம் இருந்த பட்டியலையும் நிறுவனத்தின் பட்டியலையும் கணினியில் ஒப்பிட்டபோது, ஏராளமான பதிவுகள் வரிக்கு வரி, இடைவெளிக்கு இடைவெளி ஒன்றாக இருந்தன. சொந்தமாகத் திரட்டிய பட்டியலில் இப்படி நடக்காது.

முகவரிகள் ஒவ்வொன்றும் வெளியே கிடைப்பவையாகவே இருக்கலாம். ஆனால் நேரமும் பணமும் உழைப்பும் போட்டுத் தொகுத்த தரவுத்தளத்துக்குக் காப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று கூறி, அதைப் பயன்படுத்த நீதிமன்றம் தடை விதித்தது.

பதினொரு வருடம் கழித்து, 2006-ல், அதே நீதிமன்றத்தில் வேறு முடிவு வந்தது. வேறொரு வங்கிக்குப் போகவிருந்த தன் அதிகாரி ஒருவர் வாடிக்கையாளர் விவரங்களை எடுத்துவிட்டதாகக் கூறி, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி தடை கேட்டது. நீதிமன்றம் மறுத்தது. வேலை காரணமாக ஊழியருக்குத் தெரியவரும் வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி எண் போன்றவை எல்லாம் தொழில் ரகசியம் ஆகிவிடாது. ரகசியத்தைக் காரணம் காட்டி, நல்ல வேலை தேடிப் போகும் ஒருவரின் உரிமையை முடக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இரண்டும் முரண்படுவதுபோலத் தோன்றும். ஆனால் முதல் வழக்கில் தடுக்கப்பட்டது அப்படியே நகலெடுத்த தொகுப்பைப் பயன்படுத்துவது. இரண்டாவதில் கேட்கப்பட்டது, ஊழியர் மனதில் இருப்பதற்கும் போகும் வேலைக்கும் பூட்டு.

எது ரகசியம்? ஒரு எக்செல் ஷீட் உதாரணம்

இந்தியாவில் தொழில் ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தனது 289-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. இப்போதைக்குப் பார்க்கப்படுவது மூன்று விஷயங்கள்: அந்தத் தகவல் துறையில் பொதுவாகத் தெரியாததா, ரகசியமாக இருப்பதால்தான் அதற்கு மதிப்பா, அதைக் காக்க நிறுவனம் நியாயமான முயற்சி எடுத்ததா.

இதை ஒரு கற்பனை உதாரணத்தில் வைத்துப் பார்க்கலாம். மெஷினிங் ஜாப் ஒர்க் செய்யும் ஒரு பட்டறையின் சேல்ஸ் இன்ஜினீயரிடம் எக்செல் ஷீட் ஒன்று இருக்கிறது. முதல் பத்தியில் கம்பெனி பெயர். அது கூகுளிலேயே கிடைக்கும், ரகசியம் அல்ல. இரண்டாவதில் பர்ச்சேஸ் மேனேஜரின் பெயர், எண். விசிட்டிங் கார்டில் இருப்பதுதான். தனித்தனியாகப் பார்த்தால் பெரிய ரகசியம் இல்லை.

மூன்றாவது பத்தியில் ஒவ்வொரு பாகத்துக்கும் கொடுத்திருக்கும் ரேட். நான்காவதில் தள்ளுபடி. ஐந்தாவதில் வருட ஆர்டர் முடியும் தேதி. இங்கேதான் ஆபத்து. போட்டியாளர் கையில் இவை கிடைத்தால், ஆர்டர் புதுப்பிக்கும் வாரத்தில் ஐம்பது காசு குறைத்து கொட்டேஷன் போட்டுவிடலாம். வெளியே கிடைக்காத, கிடைத்தால் உடனே பணமாகும் தகவல் இது.

டிராயிங் இன்னும் சிக்கலானது. பல நேரம் அது பட்டறைக்கே சொந்தம் இல்லை; வேலை கொடுத்த பெரிய கம்பெனியின் சொத்து. ரகசியம் காப்பதாக அந்தக் கம்பெனிக்குப் பட்டறை கையெழுத்துப் போட்டிருக்கும். ஊழியர் அதை நகலெடுத்தால், பழைய முதலாளியோடு, புதிய இடத்தில் அவர் ஆர்டர் எதிர்பார்க்கும் அதே வாடிக்கையாளரும் எதிரில் நிற்பார்.

மறுபக்கம், சிஎன்சி புரோகிராம் எழுதத் தெரிவது, டூல் ஆஃப்செட் சரிபண்ணத் தெரிவது, எந்த மெட்டீரியலுக்கு என்ன வேகம் என்று சொல்லத் தெரிவது எல்லாம் திறமை. அந்தக் கம்பெனியில்தான் கற்றுக்கொண்டார் என்றாலும் அது ஊழியரோடு போகும். ஆனால், ஒரு குறிப்பிட்ட பாகத்துக்காக அந்தப் பட்டறை மாதக்கணக்கில் சோதித்து உருவாக்கிய ஃபிக்சரின் வரைபடமும் புரோகிராம் ஃபைலும் திறமை அல்ல, கம்பெனியின் சொத்து.

'மூன்று வருடம் போட்டிக்குப் போகக் கூடாது' பத்திரம் செல்லுமா?

வேலையில் சேரும்போது இப்படிக் கையெழுத்து வாங்கும் கம்பெனிகள் நிறைய. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. வேலையில் இருக்கும்போது போட்டிக்கு வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனை செல்லும் என்று 1967-ல் கோலிகாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் நீளும் கட்டுப்பாடு செல்லாது என்று 2006-ல், கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் தொடர்பான வழக்கில் கூறியது.

அதற்காக, ரகசியம் காக்கும் நிபந்தனையும் செல்லாது என்று நினைத்துவிடக் கூடாது. அது வேலையை விட்ட பிறகும் தொடரும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

எந்த பென் டிரைவ் எப்போது செருகப்பட்டது என்பதை விண்டோஸ் பதிவு செய்து வைக்கும். ஆபீஸ் மெயிலில் இருந்து சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பியது சர்வரில் நிற்கும். சில நிறுவனங்கள் லிஸ்ட்டில் ஓரிரு போலி முகவரிகளைச் சேர்த்து வைக்கும். அந்த முகவரிக்குப் புதிய கம்பெனியின் விளம்பரம் வந்தால் விஷயம் முடிந்தது.

அனுமதி இல்லாமல் கணினியிலிருந்து தகவலை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவில் வருகிறது; இழப்பீடு கேட்கலாம். நேர்மையற்ற நோக்கத்தோடு செய்திருந்தால் 66-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பயந்துபோய் ஆபீஸ் லேப்டாப்பை ஃபார்மட் செய்வது நிலைமையை மோசமாக்கும். அழிப்பதும் அதே 43-வது பிரிவில் வரும்.

கிளம்பும் முன் என்ன செய்யலாம்?

சம்பளச் சீட்டு, ஆஃபர் லெட்டர், பி.எஃப். விவரம், அனுபவச் சான்றிதழ் ஆகியவை உங்களுடையவை; நகல் வைத்துக்கொள்ளலாம். சொந்த போனில் இருக்கும் டிராயிங், ரேட் ஃபைல்களைப் பற்றி நிறுவனத்துக்கு மெயிலில் தெரிவித்து, அவர்கள் சொன்னபடி ஒப்படைத்து, நீக்கிவிட்டதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

புதிய இடத்தில் பழைய வாடிக்கையாளரைத் தேட வேண்டுமா? அவரது வெப்சைட்டிலிருந்தும் தொழிற்பேட்டை டைரக்டரியிலிருந்தும் புதிதாகப் பட்டியல் போடுங்கள். எங்கே, எந்தத் தேதியில் எடுத்தது என்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள். பிறகு கேள்வி வந்தால், லிஸ்ட் எங்கிருந்து வந்தது என்று காட்ட அந்தக் குறிப்பு உதவும்.

நிறுவனங்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரேட் ஷீட் பாஸ்வேர்டு இல்லாமல் எல்லா கம்ப்யூட்டரிலும் கிடந்தால், "இது எங்கள் ரகசியம்" என்று பிறகு நீதிமன்றத்தில் சொல்வது கஷ்டம்.