ரப்பர் காய் ஏன் வெடிக்கிறது?

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் இன்று செம்பனையே அதிகம். ஆனாலும், எஞ்சியிருக்கும் ரப்பர் மரங்களின் கீழ் நல்ல வெயிலில் நின்றால் 'டப்' என்ற சத்தம் கேட்கும்.

ரப்பர் காய்க்குப் பெரும்பாலும் மூன்று அறைகள். அறைக்கு ஒரு கொட்டை. காய் முற்றிக் காயும்போது, கட்டை போன்ற அதன் ஓட்டின் அடுக்குகள் ஒரே அளவில் சுருங்குவதில்லை. இறுக்கம் கூடிக்கொண்டே போய், ஓடு சட்டெனப் பிளந்து கொட்டையைப் பல மீட்டர் தூரம் வீசுகிறது. ஓடு ஈரமாக இருந்தால் இந்த இறுக்கம் உண்டாகாது.

லாலான் விதையைக் காற்றில் தூக்கிச் செல்லப் பஞ்சு போன்ற மயிர் உண்டு. ரப்பர் கொட்டையோ கனமானது. செம்பனைப் பழம்போல் காகத்தையும் எலியையும் ஈர்க்கும் சதையும் அதற்கில்லை. எனவே, தாய்மரத்தின் நிழலைத் தாண்ட வெடிப்புதான் வழி. தாயகமான அமேசானில் விழுந்த கொட்டையை வெள்ளமும் மிதக்கவைத்துக் கொண்டுபோகும்.

ஆனால், கடல் கடக்க அதனால் முடியாது. நம் கடலோரத்துப் பக்காவ் மரத்தின் விதை மரத்திலேயே முளைவிட்டு, பல வாரம் நீரில் மிதந்தும் உயிரோடிருக்கும். ரப்பர் கொட்டை சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும். 1876-இல் ஹென்றி விக்ஹம் லண்டனுக்குக் கொண்டுசென்ற சுமார் 70,000 கொட்டைகளில் கியூ தோட்டத்தில் முளைத்தவை ஏறத்தாழ 2,700 மட்டுமே.