விலைக்குள் என்ன இருக்கிறது? – 17
ஷூ: தையலுக்கு முன் தோல்

ஒரே கடையில், ஒரே கறுப்பு நிறத்தில், 2,000 ரூபாய்க்கு ஒரு ஜோடி ஷூ இருக்கும். பக்கத்திலேயே 9,000 ரூபாய்க்கும் ஒன்று இருக்கும். இரண்டின் பெட்டியிலும் ‘அசல் தோல்’ என்றே போட்டிருப்பார்கள். இரண்டும் பொய்யில்லை. அந்தச் சொல்லுக்குள் பல தரங்கள் அடங்கிவிடும் என்பதுதான் சங்கதி.

மாட்டுத்தோலின் மேற்பரப்பில்தான் நார்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கின்றன. உண்ணிக் கடியும் முள்கம்பிக் கீறலும் விழுவதும் அங்கேதான். வடுவில்லாத தோலை அப்படியே பதனிட்டுச் சாயமேற்றலாம். வடு உள்ளதை இயந்திரத்தில் தேய்த்து, மேலே பிளாஸ்டிக் பூச்சு கொடுத்து, பொய் ரேகைகளை அழுத்திவிடுவார்கள். இதற்கும் கீழே ஒரு தரம் உண்டு: மேலடுக்கை உரித்த பிறகு மிஞ்சும் அடியடுக்கின் மேல் பூச்சு. அதுவும் தோல்தானே!

தோலை வெட்டுவதிலும் காசு இருக்கிறது. முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும். வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இழுபடும். நல்ல ஷூவில் விரல்களுக்கு மேல் வரும் துண்டை முதுகிலிருந்துதான் வெட்டுவார்கள். அப்படிப் பார்த்து வெட்டினால் ஒரு தோலில் குறைந்த ஜோடிகளே தேறும். ஆம்பூர், வாணியம்பாடித் தொழிற்சாலைகளில் தோல் வெட்டுபவரின் கண்ணுக்கு மதிப்பு இருப்பது இதனால்தான்.

கடையில் இதைக் கண்டுபிடிக்கலாம். விரல்கள் மடங்கும் இடத்தை உள்ளிருந்து மேலே தள்ளிப் பாருங்கள். மெல்லிய ரேகைகள் பரவினால் நல்ல தோல். ஒரு காகிதம்போல ஓரிரு தடித்த மடிப்பு விழுந்தால் பூச்சு கனம். பிற்பாடு வெடிப்பு விடப்போவது அந்த மடிப்பில்தான். வாசனையை நம்ப வேண்டாம்.

அடுத்தது சோல். மலிவு ஷூவில் சோலைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். நம் ஊரில் ‘பேஸ்டிங்’ என்பது இதைத்தான். விலை ஏறும்போது ‘குட்இயர் வெல்ட்’ வருகிறது. மேல்தோலின் விளிம்பு, கால் படும் உள்தட்டின் அடியிலுள்ள வரப்பு, வெல்ட் எனும் நீளத் தோல்பட்டை மூன்றையும் சேர்த்துத் தைப்பார்கள். நடுவில் உண்டாகும் பள்ளத்தைத் தக்கை கொண்டு நிரப்புவார்கள். பிறகு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பட்டையோடு சோலைத் தைப்பார்கள். சோல் தேய்ந்தால் வெளித்தையலை மட்டும் பிரித்துப் புதிது போடலாம். மேல்தோலைத் தொடவே வேண்டாம். நீங்கள் தரும் கூடுதல் காசு பெரும்பாலும் இதற்குத்தான்.

வேடிக்கை என்னவென்றால், இயந்திரத்தில் தைத்த பல விலை உயர்ந்த ஷூக்களிலும் அந்த உள்தட்டு வரப்பு, துணிப்பட்டையைப் பசையால் ஒட்டியதுதான். கெட்டியான தோல் உள்தட்டிலேயே வரப்பைச் செதுக்கிக் கையால் தைப்பது வேறு ரகம், வேறு விலை. இன்னொரு தந்திரமும் உண்டு. ஒட்டிய சோலின் விளிம்பில் அலங்காரத் தையல் ஓட்டி வெல்ட் மாதிரி காட்டுவார்கள். மேலே தையல் தெரிந்து, அடியில் தையலோ அதற்கான பள்ளமோ இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

இப்போது கணக்கு. விலைகளையும் ஆயுளையும் தோராயமாக வைத்துக்கொள்வோம். 2,000 ரூபாய் ஷூ ஒன்றரை ஆண்டு உழைத்தால், ஆண்டுக்குச் சுமார் 1,330. 9,000 ரூபாய் வெல்ட் ஷூவுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை 2,500 ரூபாயில் சோல் மாற்றிப் பத்து ஆண்டு போட்டால், நான்கு மாற்றல்களோடு மொத்தம் 19,000, ஆண்டுக்கு 1,900. பத்து ஆண்டு போட்டும் மலிவு ஷூவை எட்டவில்லை. அதுவும் சோல் மாற்றத் தெரிந்தவர் உங்கள் ஊரில் இருந்தால்தான். தெருமுனைத் தொழிலாளியிடம் வெல்ட் தைக்கும் இயந்திரம் இருக்காது.

நடுவில் ஒன்று இருக்கிறது: நல்ல மேல்தோல், தோல் லைனிங், ஒட்டிய ரப்பர் சோல், விலை 4,500. இரண்டாண்டு கழித்து 700 ரூபாய்க்குப் புது சோல் ஒட்டி நான்கு ஆண்டு போட்டால், ஆண்டுக்கு 1,300. மலிவு ஷூவின் அதே செலவில், வியர்வை உறிஞ்சும் லைனிங்கும் வெடிக்காத தோலும் கிடைக்கின்றன. பாலியூரித்தேன் சோலை மட்டும் தவிர்க்கலாம். எடை குறைவுதான், ஆனால் ஈரக்காற்றில் சில ஆண்டுகளில் தானாகவே உதிரத் தொடங்கும். பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் உதிரும்.

ஆகவே என் கட்சி இதுதான்: முதல் காசை மேல்தோலுக்குக் கொடுங்கள், அடுத்ததை லைனிங்குக்கு. வெல்ட் ஆசைக்காக வாங்குவது. வாங்கலாம், மிச்சம் பிடிக்கிறோம் என்று மட்டும் வீட்டில் சொல்லாதீர்கள். எதை வாங்கினாலும் தொடர்ந்து இரண்டு நாள் அதே ஜோடியைப் போடாமல் ஒருநாள் காயவிடுங்கள்.

அடுத்த வாரம்: குடை.